எட்டாவது நிமிடம்

ஆப் செய்துகொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்களோடு அழைப்பில் பேசுவதை நேரம் போட்டுக் குறித்துக்கொள்வது என் பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்த உறுத்தலும் இருந்திருக்காது. 8-வது நிமிடத்தில், ஆப் கேட்டு வந்தவருடைய உண்மையான பிரச்சினை பிடிபட்டுவிட்டது. 12-வது நிமிடத்தில் பட்ஜெட் கேட்டிருக்கிறேன். 15-வது நிமிடத்தில்தான் “உங்களுக்கு ஆப் வேண்டாம்ணா” என்றிருக்கிறேன்.

சேலை வியாபாரி. “பக்கத்துக் கடையில ஆப் விட்டுட்டாங்க தம்பி, எனக்கும் ஒண்ணு வேணும்” என்றார். ஆப்பில் என்னென்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பக்கத்துக் கடை ஆப்பைத்தான் ஒப்பிப்பார். “கடைசியா கைவிட்டுப் போன ஆர்டர் எதுங்கண்ணா?” என்றேன்.

ஒரு மாம்பழ மஞ்சள் சேலை. இருப்பது ஒன்றே ஒன்று. படம் போனதோ ஏழு வாட்ஸ்அப் குரூப்புக்கு. ஒருவர் இவர் நம்பருக்கு ஜிபே செய்ய, பத்து நிமிடத்தில் இன்னொருவர் இவர் மனைவி நம்பருக்கு அனுப்பிவிட்டார். ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, திட்டும் வாங்கியிருக்கிறார். வாரத்துக்கு நாலைந்து தடவை இப்படி நடக்கிறதாம்.

இதற்கு ஆப் எதற்கு? சேலைக்கு ஒரு எண், அது தெரியும்படி படம், இருவர் ஃபோனிலும் திறக்கிற ஒரே கூகுள் ஷீட். யாராவது “எடுத்துக்கிறேன்” என்றதும் முதலில் அதில் குறித்துவிட்டு, பிறகுதான் பணம் கேட்க வேண்டும். குரூப் வியாபாரத்தை விடாமல் ஆப்பும் வைத்தால், குறிக்க மறக்கிற இடம் இன்னொன்று கூடும், அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பட்ஜெட் கேட்டேன். “எவ்வளவு வெச்சிருக்கீங்க” என்றால் “நீங்களே சொல்லுங்க” என்றுதான் வரும் என்பதால் படி போட்டுக் கேட்பேன்: ஐம்பதாயிரத்துக்குள்ளயா, ஒன்றரை லட்சம் வரைக்குமா, அதுக்கு மேலயா? கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நகை இருக்கு தம்பி, வெச்சுக்கலாம்.”

முதல் அழைப்பிலேயே பட்ஜெட் கேட்பதில் தப்பில்லை. கேட்காமல் மூன்று நாள் உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டு, “அவ்வளவு ஆகுமா?” என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்தவை எனக்கு நிறைய. ஆனால் இங்கே எஸ்டிமேட் போட வேலையே இல்லை என்று நான்கு நிமிடம் முன்பே எனக்குத் தெரியும். அப்புறம் எதற்குக் கேட்டேன்? கேள்விகள் வரிசையாக எழுதியிருந்தன, வரிசைப்படி கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மைதான். நகை என்று சொல்லாமல் “மூணு லட்சம் இருக்கு” என்றிருந்தால் 15-வது நிமிடத்தில் என்ன சொல்லியிருப்பேன்?

நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து லிங்க் அனுப்பினார். வேறு யாரோ செய்துகொடுத்த ஆப். இறக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு நீலச் சேலை, ‘ஸ்டாக் உள்ளது’. அன்று காலை அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே சேலையின் மேல் சிவப்பில் ‘விற்றாச்சு’ என்றிருந்தது.

“நல்லா வந்திருக்குங்கண்ணா” என்று பதில் அனுப்பினேன்.