குத்தம் சொல்லல, ஐயா

“தொர அவங்க நல்லவங்கதான். அவங்கள குத்தம் சொல்லல.”

தோட்டத்து அம்மா ஒருவர் கையால் எழுதிய மனுவின் இரண்டாம் பக்கத்து அடியில், பேனை மாறி, ஓரமாக எழுதியிருந்த வரி இது. நான் முறையான நடையில் தட்டச்சு செய்து கொடுத்த மனுவில் இது இல்லை. எடுத்தது நான். எடுத்தது சரி என்று இன்றைக்கும் அரை மனதோடு சொல்வேன், மற்ற அரை மனது ஒத்துக்கொள்வதில்லை.

கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. சேவைக்காலப் பணம் வரவில்லை என்று தொழில் அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். கொப்பித் தாளில் இரண்டு பக்கம், பேரன் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தான். முதலில் வந்த படம் மங்கல். சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு குறைந்து எழுத்தின் ஓரம் கரைந்துவிடும், கோப்பாக அனுப்பச் சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை. பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுக்கச் சொன்னேன். தாளின் பின்பக்க மை முன்னால் தெரிந்ததால், அடியில் ஒரு கறுப்புத் தாளை வைக்கச் சொன்னேன். இலக்கம் உள்ள வரிகளுக்கு மட்டும் தனியே கிட்டப் படம்.

படத்தைப் பார்த்தபடியே நேராக முறையான நடையில் அடிக்கக்கூடாது. முதலில் அவர் எழுதியது எழுதியபடி, பிழையோடு, வரிக்கு வரி வர வேண்டும். தெரியாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று போட வேண்டும், ஊகத்தால் நிரப்பக் கூடாது. நம் கையெழுத்தில் காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும், புள்ளி பாதி விடுபடும். ‘காடு’ என்று நினைத்து வாசிப்பது ‘கரடு’ ஆக இருக்கலாம். பொருளை வைத்து அதைப் பிடித்துவிடலாம். இலக்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு 1991 ஆ, 1997 ஆ என்பது படத்தில் தெரியவில்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் அல்லாத தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேரும். 2022 இல் நின்றவர். 31 வருடம் என்றால் 434 நாள், 25 வருடம் என்றால் 350 நாள். ஒரு கோணல் கோட்டில் 84 நாள் சம்பளம் தொங்குகிறது. முதல் பக்கத்தில் “முப்பத்தொரு வருசம்” என்று எழுத்தில் எழுதியிருந்ததால் 1991 உறுதியானது. அடையாள அட்டை இலக்கத்திலும் இதே தொல்லை. ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் 612 போலவும் 672 போலவும் இருந்தது. பெண்களுக்கு 500 கூட்டி எழுதுவார்கள், பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவார்கள். 112 ஆவது நாள் ஏப்ரல் 21, 172 ஆவது நாள் யூன் 20. பிறந்த திகதி ஏப்ரல் 21 என்று மனுவிலேயே இருந்தது.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். அதனால்தானோ என்னவோ, சொற்களில் கொஞ்சம் துணிந்துவிட்டேன்.

“பெரிய கிளாக்கரய்யா பேர் கொறையுதுன்னு சொன்னாங்க” என்று ஒரு வரி. தோட்டம் தெரியாதவர் இதைப் ‘பெயரில் குறைபாடு உள்ளது’ என்று மாற்றிவிடுவார். உத்தியோகத்தரும் அடையாள அட்டையிலும் சேமலாப நிதியிலும் பெயர் பொருந்தவில்லை என்று நினைத்து சத்தியக் கடதாசி கேட்பார், அந்த அம்மா சமாதான நீதவானைத் தேடி அலைவார். இங்கே பேர் என்பது வேலைநாள். அரைப்பேர் என்றால் அரைநாள். ஆகவே, “எனது வேலைநாட்கள் குறைவாக உள்ளதாகப் பிரதம இலிகிதர் அவர்கள் தெரிவித்தார்கள்” என்று எழுதினேன். ‘தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதினால் பார்க்க அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும், ஆனால் சொன்னவர் மறைந்துபோவார். விசாரிக்கிறவருக்கு வேண்டியது யார், எப்போது சொன்னார் என்பதுதான். அந்த அம்மா ‘சொன்னாங்க’ என்று எழுதியிருக்க, நான் ‘சொன்னார்’ என்று இறக்கவும் கூடாது. முறைப்பாட்டுக்கு உள்ளானவருக்கும் அவர் கொடுத்த மரியாதை அப்படியே நிற்க வேண்டும்.

“லேபர் ஆபிசர் துரை அவர்கள் சமுகத்துக்கு கும்பிட்டு எழுதிக்கொள்வது” என்ற தொடக்கத்தில் துரையை எடுத்தேன். ‘உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்’ என்று முகவரியில் ஒரு அவர்கள், பிறகு ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி’. கும்பிட்டது ‘பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ ஆயிற்று. ‘தாங்கள்’ என்று தொடங்கினால் கடைசிவரை தாங்கள்தான், நடுவில் ‘நீங்கள்’ என்று வழுக்கினால் மனு இரண்டு பேர் எழுதியது போலாகிவிடும். “பிச்சையா நெனச்சு” என்ற சொல்லை ‘சட்டப்படி எனக்குரிய’ என்று மாற்றினேன். அது பிச்சை அல்லவே.

பிறகுதான் அந்த ஓர வரி. தொழில் அலுவலகத்துக்குப் போகும் முறைப்பாட்டில் ‘குற்றம் சொல்லவில்லை’ என்று இருந்தால், முறைப்பாடே இல்லையே என்று நாளைக்கு நிர்வாகத் தரப்பு திருப்பிக் கேட்கலாம். அந்த நினைப்பில்தான் எடுத்தேன். பேரன் வாசித்துக் காட்டினான். அம்மா கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரிங்கய்யா. நா கடைசியா எழுதுனத காணோமே” என்றார். காரணம் சொன்னேன். “நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரிங்கய்யா. ஆனா அந்த லயத்துக்கு நாந்தான போகணும்” என்று சொல்லிக்கொண்டே கையொப்பம் வைத்தார்.

சரிங்கய்யா என்ற சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மனு எழுதித் தருகிறவரிடம் யார்தான் வேறு சொல் சொல்வார்கள்?

மனுவின் அடியில் ‘பிரதி: தோட்ட முகாமையாளர் அவர்கள்’ என்று போட்டதும் நான்தான். அதைப் போட்ட கணத்தில் மனுவுக்கு இரண்டு வாசகர்கள் ஆகிவிட்டார்கள். ஓர வரி ஆணையாளருக்கு எழுதியதே அல்ல, தோட்டத்துத் துரையான அந்த முகாமையாளருக்கு எழுதியது. மகனின் குடும்பத்தோடு அவர் இருக்கும் காம்பரா தோட்டத்துடையது. அந்த வரியை முழுதாக எடுக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். “தோட்ட நிர்வாகத்தின் மீது தனிப்பட்ட குறை கூறுவது இம்மனுவின் நோக்கமல்ல, எனக்குரிய பணிக்கொடையைப் பெற்றுத் தருமாறு மட்டுமே வேண்டுகிறேன்” என்று எழுதியிருக்கலாம். முறைப்பாடும் கெடாது, மரியாதையும் கெடாது. இந்த வாக்கியம் மனு தபாலில் போன பிறகுதான் என் மனதில் வந்தது.

அதற்குப் பிறகு வந்த வேறொரு மனுவில் இதே வாக்கியத்தைச் சேர்த்தேன். எழுதியவரின் மகன் வாசித்துவிட்டு, “அப்ப யாரு மேலதாங்க நம்ம முறைப்பாடு?” என்று கேட்டான்.