ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு: அட்டவணையைக் கையால் போடும்போது

மூன்று உரமுறைகள், பன்னிரண்டு நெற்பாத்திகள் என்று ஒரு மாதிரிக் கணக்கு. மூன்றின் சராசரி விளைச்சலும் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். பாத்திக்கு இத்தனை கிலோ விளைச்சல்:

அ: 24, 27, 25, 28
ஆ: 30, 33, 31
இ: 26, 25, 29, 28, 27

குழுக்களின் அளவு சமமில்லாத கணக்கை வேண்டுமென்றே எடுத்திருக்கிறோம். கைக்கணக்கு அதிகம் தவறுவது இங்கேதான்.

முதலில் எல்லா எண்ணிலிருந்தும் 25-ஐக் கழித்துவிடுங்கள். அ: −1, 2, 0, 3. ஆ: 5, 8, 6. இ: 1, 0, 4, 3, 2. எல்லாம் ஒரே அளவு நகர்வதால் நமக்கு வேண்டிய வர்க்கக் கூடுதல்கள் மாறாது; பெருக்கல் மட்டும் எளிதாகும்.

குழுக் கூட்டுத்தொகைகள் 4, 19, 10. மொத்தம் 33. திருத்தக் காரணி 33²/12 = 90.75. ஒவ்வோர் எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 14 + 125 + 30 = 169. அதில் திருத்தக் காரணியைக் கழித்தால் மொத்த வர்க்கக் கூடுதல் 78.25.

அடுத்து குழுக்களுக்கு இடையிலானது: 4²/4 + 19²/3 + 10²/5 = 144.333. இதிலும் 90.75 போனால் 53.583. மீதி 24.667 பிழைக்கு, அதாவது குழுக்களுக்கு உள்ளேயே இருக்கும் வேறுபாட்டுக்கு உரியது.

ஒவ்வொரு கூட்டுத்தொகையின் வர்க்கத்தையும் அந்தந்தக் குழுவின் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். பழக்கத்தில் மூன்றையும் 4-ஆல் வகுத்தால் 53.583 இருக்க வேண்டிய இடத்தில் 28.5 வரும், பிழை 49.75 ஆகும், முடிவைத் தீர்மானிக்கும் விகிதமான F வெறும் 2.58-க்கு இறங்கிவிடும். அட்டவணையின் கூட்டல் அப்போதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் பிழையைக் கழித்துத்தான் எடுத்தோம். அதனால் பிழையைத் தனியாகவும் போட்டுப் பாருங்கள்: 14 − 4 = 10, 125 − 120.333 = 4.667, 30 − 20 = 10. கூட்டினால் 24.667. இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

| மூலம் | வரையற்ற பாகை | வர்க்கக் கூடுதல் | சராசரி வர்க்கம் | F |
|---|---|---|---|---|
| குழுக்களிடை | 2 | 53.583 | 26.792 | 9.78 |
| பிழை | 9 | 24.667 | 2.741 | |
| மொத்தம் | 11 | 78.25 | | |

குழுக்கள் மூன்று என்பதால் 3 − 1 = 2; பாத்திகள் பன்னிரண்டு என்பதால் 12 − 3 = 9. வர்க்கக் கூடுதலைப் பாகையால் வகுத்தால் சராசரி வர்க்கம். மேலதைக் கீழதால் வகுத்தால் F. இடையில் மூன்று தசமத்தையாவது வைத்திருங்கள், கடைசியில் மட்டும் முழுமையாக்கலாம்.

இனி F அட்டவணை. 5 சதவீத மட்டத்தில் (2, 9)-க்கு உரிய மதிப்பு 4.26. நம்முடைய 9.78 அதைத் தாண்டுகிறது. 1 சதவீதத்துக்குரிய 8.02-ஐயும் தாண்டுகிறது. ஆகவே மூன்று உரமுறைகளின் சராசரி விளைச்சலும் ஒன்றே என்ற கருதுகோளை மறுக்கலாம். வரிசையை மாற்றி (9, 2) என்று பார்த்தால் 19.38 கிடைக்கும், முடிவு தலைகீழாகும். தொகுதிக்குரிய பாகை, அதாவது 2, முதலில் வர வேண்டும். பெரும்பாலான அட்டவணைகளில் அது மேல்வரிசையில் இருக்கும்.

ஆ-வின் சராசரி 31.33, மற்ற இரண்டும் 26, 27 என்று நின்றாலும், எந்த இரண்டு வேறுபடுகின்றன என்று இந்த F சொல்வதில்லை. அதற்கு இதே 2.741-ஐ வைத்துக்கொண்டு சோடி சோடியாகத் தனியே ஒப்பிட வேண்டும்.