ஆனேக்கல் பக்கத்துப் பால் சுற்றுக்கு எத்தனை வண்டி?

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்துச் சொசைட்டிகளிலிருந்து ஒரு குளிரூட்டும் நிலையத்துக்குப் பால் எடுக்கும் சுற்று இது. காலையில் 14 ஊர், அதிகம் வரும் நாளில் 5,600 லிட்டர். மாலையில் 4,000 லிட்டர்தான் வருகிறது. வண்டி எத்தனை என்பதைக் காலைப் பால்தான் முடிவு செய்யும். இரண்டையும் கூட்டி 9,600 லிட்டர் என்று எழுதி ஒரு நாளைக்கு வகுத்தால் விடை முதல் வரியிலேயே தப்பாகிவிடும். காலைப் பாலை மாலை வண்டியில் ஏற்ற முடியாது.

லிட்டரை அப்படியே வண்டிக் கொள்ளளவால் வகுக்கக் கூடாது, முதலில் கேனாக மாற்ற வேண்டும். 40 லிட்டர் கேன் என்றால் 5,600 லிட்டருக்கு 140 கேன். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கடைசிக் கேன் அரைகுறையாகத்தான் நிற்கும். சராசரியாக ஊருக்கு அரைக் கேன் வீணாகிறது என்று வைத்தால் 7 கேன் கூடுகிறது, ஆக 147. வண்டியில் இடத்தைப் பிடிப்பது கேன்தான், அது நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் ஒன்றுதான்.

அடுத்தது, வண்டியில் எத்தனை கேன் நிற்கும் என்பது. 40 லிட்டர் பால் ஏறக்குறைய 41 கிலோ, கேனின் எடை 9 கிலோ என்று வைத்தால் மொத்தம் 50. ஒன்றரை டன் ஏற்றலாம் என்ற பிக்கப் வண்டி எடைக் கணக்கில் 30 கேன் தாங்கும். தரைக் கணக்கு வேறு. 9 அடிக்கு ஐந்தரை அடி உள்ள பெட்டியில் 14 அங்குலக் கேனை நீளத்தில் 7, அகலத்தில் 4 என்றுதான் அடுக்க முடிகிறது. அதனால் 28. இரண்டில் சின்ன எண்தான் உண்மையான எண். 147-ஐ 28-ஆல் வகுத்தால் 5.25. கால் டிரிப் என்று ஒன்று கிடையாது, ஆகவே 6 டிரிப். பெரிய ஊரோடு சின்ன ஊரைச் சேர்த்தால்தான் இந்த 6 நிற்கும். வரிசைப்படி ஊர்களை எடுத்தால் 7 ஆகிவிடும்.

சுற்று நேரத்தை யாரிடமும் கேட்டு எழுத வேண்டாம். டிரைவரைக் கேட்டால் "ஒன்றரை மணி ஆகும் அண்ணா" என்பார். அது பால் ஏற்றி நிலையத்துக்குத் திரும்பும் வரை மட்டும். வண்டியில் ஏறி உட்கார்ந்து கடிகாரம் பார்த்து எழுதினால் வேறு கணக்கு வருகிறது. ஒரு வாரம், ஞாயிறும் திங்களும் சேர்த்து எழுத வேண்டும். சராசரியை எடுத்தால் பாதி நாட்களில் வண்டி தாமதமாகும், ஆகவே பத்து டிரிப்பைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி எட்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இங்கே கிடைத்தது இப்படி: நிலையத்திலிருந்து முதல் ஊருக்கு 25 நிமிடம். ஏற்றுவதற்கு ஊருக்கு 5 நிமிடம் (நிறுத்துவது, சீட்டு, காலிக் கேன் இறக்குவது), அதோடு கேனுக்கு அரை நிமிடம். ஒரு டிரிப்புக்கு ஏறக்குறைய 24 நிமிடம். ஊருக்கு ஊர் ஓட 15. பாரத்தோடு திரும்ப 30. நிலையத்தில் பால் இறக்கும் மேடையில் முகர்ந்து பார்த்து, எடை போட்டு, சாம்பிள் எடுத்துக் கொட்ட 16. கேன் கழுவி ஏற்றிப் புறப்பட 10. மொத்தம் 120 நிமிடம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று: காலை 5 முதல் 10 வரை ஐந்து மணி நேரம் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிரிப், ஆகவே ஒரு வண்டி இரண்டு டிரிப் அடிக்கும், மூன்று வண்டி போதும் என்பது. பால் ஐந்து மணி நேரம் காத்திருக்காது. கறந்த பாலுக்கு இயல்பாக உள்ள பாக்டீரியா எதிர்ப்பு, குளிர வைக்காத வெப்பத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். அதனால் கறந்த 3 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும் என்ற எல்லையை வைத்துக்கொள்கிறோம். எல்லா ஊரிலும் 6 மணி முதல் 7 மணி வரை பால் ஊற்றுகிறார்கள். முதலில் கறந்தது 5.30 என்றால் எல்லை 8.30. வண்டி 7 மணிக்கு முதல் ஊரில் நின்றால் கொட்டி முடிக்கும் நேரம் 8.25. மயிரிழையில் தப்பும். இரண்டாவது டிரிப் 10.25-க்கு முடியும், அதற்கு இடமே இல்லை. ஆக ஒரு வண்டிக்கு ஒரு டிரிப், 6 வண்டி.

ஆறு வண்டி வாங்கினாலும் பால் கெடும். மேடை ஒன்று, ஒரு வண்டிக்கு 16 நிமிடம். ஆறும் ஒரே நேரத்தில் வந்தால் ஆறாவது வண்டி 80 நிமிடம் வரிசையில் நின்று 9.45-க்குக் கொட்டும். கொதிக்க வைத்துப் பார்க்கும் சோதனையில் திரிந்துபோகும் கேன்கள் எந்த வண்டியில் வந்தவை என்று பாருங்கள். வரிசையின் கடைசி இரண்டு வண்டிகளிலேயே தொடர்ந்து வந்தால் குறை ஊரிலும் இல்லை, கேன் கழுவுவதிலும் இல்லை. மேடையில் இருக்கிறது. வண்டி வந்த நேரத்தைக் கேனில் சாக்கட்டியால் எழுதி வைத்தால் இது ஒரே வாரத்தில் தெரியும்.

கல் குவாரியில் லாரி எண்ணிக்கையைச் சுற்று நேரத்தை ஏற்றும் நேரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். இங்கே நெருக்கடி இறக்குமிடத்தில் இருப்பதால் மேடை நேரமான 16-ஆல் வகுக்க வேண்டும். 120-ஐ அப்படி வகுத்தால் 7.5. அது தேவையான எண் இல்லை, அந்த மேடை தாங்கக்கூடிய உச்சம். அதுவும் வண்டிகள் சீராகப் பிரிந்து வந்தால்தான். நடைமுறையில் ஐந்துக்கு மேல் வைத்தால் வரிசை உண்டாகிவிடும்.

எனவே மாற்ற வேண்டியது ஊற்றும் நேரம். ஊர்களை ஆறு குழுவாக்கி மூன்று வண்டிக்கு இரண்டிரண்டு குழு. முதல் வண்டி 5.50-க்குக் கிளம்பும், அதன் முதல் குழுவில் 5.15 முதல் 6.15 வரை ஊற்றுவார்கள். 7.40-க்குக் கொட்டி முடித்து 7.50-க்கு இரண்டாவது டிரிப். அந்தக் குழுவில் 7.15 முதல் 8.15 வரை ஊற்றுவார்கள், 9.40-க்குப் பால் மேடையில். 6.45-க்குக் கறந்தது 3 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வண்டிகளும் அவற்றின் ஊர்களும் 20, 40 நிமிடம் பின்தள்ளிப் போகும். 16 நிமிட மேடைக்கு 20 நிமிட இடைவெளி, நான்கு நிமிடம் தாமதமானாலும் வரிசை உண்டாகாது. மூன்று வண்டி போதும். ரிப்பேருக்கு நான்காவதை வாடகைக்குப் பேசி வைத்துக்கொள்ளலாம், வாங்க வேண்டியதில்லை.

இதற்குச் செலவு பணமாக இல்லை, சம்மதமாக இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிற ஊரை இரண்டாவது குழுவில் போட்டால் அவர்கள் எட்டு மணி வரை கறக்காமல் காத்திருக்க மாட்டார்கள். பாலை முன்பே கறந்து வீட்டில் வைத்திருப்பார்கள், கணக்கில் வராத ஒரு மணி நேரம் அங்கே கூடிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: சொசைட்டியில் பால் ஊற்றும்போது வெப்பநிலை பாருங்கள். புதிதாகக் கறந்த பால் உடல் சூடோடு இருக்கும். அறைச் சூட்டில் ஊற்றினால் அது முன்பே கறந்தது. அப்படிப்பட்ட ஊரை முதல் குழுவுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்த ஊருக்கு மட்டும் சின்னக் குளிர்கலம் வைத்துவிட்டு 147-லிருந்து அதன் கேன்களைக் கழித்து மறுபடி கணக்குப் போடுங்கள்.