அஷ்வினுக்கு விடைகொடுத்த வாரம்

18 டிசம்பர் 2024, புதன்

பிரிஸ்பேனில் மழை. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் ஐந்தாம் நாள் ஆட்டம் நின்றிருந்த நேரத்தில், ஓய்வறையில் கோலி அஷ்வினைக் கட்டியணைப்பதை கேமரா பிடித்துக் காட்டியது. அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. டெஸ்ட் டிராவில் முடிந்ததும் ரோகித்துடன் வந்து உட்கார்ந்து, இந்திய வீரராக இதுவே கடைசி நாள் என்று சொல்லிவிட்டார். தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட் பாக்கி. இந்த டெஸ்டில் அவர் ஆடவே இல்லை, ஜடேஜாதான் ஆடினார். ஏன் இப்போது என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை.

இரவு அவரைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் 'மாயச் சுழல்', 'ஈடு இணையற்ற' என்று வரிசையாக வந்து விழுகின்றன. எல்லாவற்றையும் அடித்துவிட்டு எண்களை எழுதினேன். 106 டெஸ்ட், 537 விக்கெட், விக்கெட்டுக்குச் சராசரி 24 ரன். ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டோ அதற்கு மேலோ 37 முறை. தொடர் நாயகன் விருது 11 முறை, முரளிதரனுக்குச் சமமாக. பாசத்தை இதற்கு மேல் தேவையான இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

19 டிசம்பர், வியாழன்

சென்னைக்கு வந்து இறங்கிவிட்டார். வீட்டு வாசலில் மேளதாளத்தோடு வரவேற்பு.

எதிர்பார்த்த விவாதமும் இன்றே தொடங்கிவிட்டது: "எல்லாம் நம்மூர் பிட்ச்சில் எடுத்த விக்கெட்தானே?" பாதி உண்மை. அந்தப் பாதியை மறைத்துவிட்டு விடைகொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் 65 டெஸ்டில் 383 விக்கெட், சராசரி 21.57. எதிரணி மண்ணில் 40 டெஸ்டில் 150 விக்கெட், சராசரி 30.55. மீதி நாலு விக்கெட் 2021இல் சவுத்தாம்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில். வெளிநாட்டில் எடுத்த ஐந்து விக்கெட் சாதனைகள் எல்லாம் இலங்கை, வங்கதேசம், வெஸ்ட் இண்டீஸ் ஆகிய மூன்று இடங்களில்தான். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து எங்கேயும் ஒன்றுகூட இல்லை.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே இந்திய மண்ணில் கும்ப்ளே 63 டெஸ்டில் 350 விக்கெட் எடுத்தார், சராசரி 24.88. நம்மூர் பிட்ச் எல்லோருக்கும் பொதுதான், 21.57 எல்லோருக்கும் வாய்க்கவில்லை. கும்ப்ளேயைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இந்தியாவில் ஆடிய டெஸ்டுகளில் நடுவர் மறுபரிசீலனை முறை இல்லை, காலில் வாங்கிய பந்துகளுக்கு எல்.பி.டபிள்யூ. கிடைப்பது இன்றைப்போல எளிதாகவும் இல்லை.

20 டிசம்பர், வெள்ளி

இன்று முழுக்க ஒரே ஒரு டெஸ்டில் நின்றுவிட்டேன். ஜோகன்னஸ்பர்க், டிசம்பர் 2013. தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 458. அவர்கள் 450க்கு 7 என்று வந்து, எட்டு ரன் தூரத்தில் டிராவோடு நின்றார்கள். டு பிளெஸ்ஸி, டிவில்லியர்ஸ் இருவருக்கும் சதம். கடைசி நாள் ஆடுகளத்தில், நாலாவது இன்னிங்ஸில், அஷ்வின் வீசியது 36 ஓவர், கொடுத்தது 83 ரன், விக்கெட் இல்லை. ரன்னை அவர் அள்ளிக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு சுழல்பந்து வீச்சாளரை அணியில் வைத்திருப்பதே இப்படியொரு நாளுக்காகத்தான்.

அடுத்த டர்பன் டெஸ்டில் இடம் போனது. அங்கே வந்த ஜடேஜா ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். அஷ்வின் மறுபடி டெஸ்ட் ஆடியது 2014 ஆகஸ்டில், மான்செஸ்டரில்.

இரண்டு வருடம் கழித்து அதே தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கு வந்தது. நாலு டெஸ்டில் அஷ்வினுக்கு 31 விக்கெட், சராசரி 11.12. இதைப் 'பழிதீர்த்தல்' என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் அந்தத் தொடரின் நாக்பூர் ஆடுகளத்தை ஐ.சி.சி. 'மோசம்' என்று மதிப்பிட்டது. அதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஜோகன்னஸ்பர்க்குக்கான பதில் நாக்பூரில் இல்லை.

21 டிசம்பர், சனி

பதில் மெல்போர்னில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020 டிசம்பர் 26, முதல் நாள் காலை. வேகப்பந்துக்கான ஆடுகளம், எதிரில் ஸ்டீவ் ஸ்மித். ஸ்டம்பை நோக்கி வரும் பந்தை லெக் பக்கம் தட்டிவிடுவதுதான் ஸ்மித்தின் சாப்பாடு. லெக் ஸ்லிப்பில் புஜாராவை நிறுத்திவிட்டு, அஷ்வின் அதே இடத்திலேயே போட்டார். ஸ்மித் தட்டினார், நேராக புஜாரா கையில். பூஜ்யம். முந்தைய அடிலெய்டு டெஸ்டிலும் ஸ்மித்தை ஒரே ரன்னில் எடுத்தது அஷ்வின்தான். பெரிதாகச் சுழலாத மண்ணில், சுழலை நம்பாமல் கோணத்தையும் ஃபீல்டரையும் வைத்து எடுத்த விக்கெட்டுகள். அந்தத் தொடரில் மூன்று டெஸ்டில் 12 விக்கெட். 2013இல் அவரிடம் இல்லாதது இதுதான் என்பது என் கணிப்பு.

இடதுகை ஆட்டக்காரர்களிடமும் இதே கணக்குதான். ஆஃப் ஸ்பின்னர் ஓவர் த விக்கெட் வீசினால், இடதுகைக்காரருக்குப் பந்து உள்ளிருந்து வெளியே போகும். குத்திய பிறகும் வெளியேதான் திரும்பும். ஒரே திசை என்பதால் விட்டுவிடலாம். ரவுண்ட் த விக்கெட் வந்தால் கதை வேறு. பந்து உடம்பை நோக்கி உள்ளே வருகிறது. திரும்பினால் மட்டையின் வெளிவிளிம்பு, ஸ்லிப். திரும்பாமல் வழுக்கிக்கொண்டு நேரே போனால் கால் அல்லது ஸ்டம்ப். எந்தப் பந்து எது என்பது ஆடுகிறவருக்கும் தெரியாது. சில நேரம் வீசுகிறவருக்கே தெரியாது. 537இல் 268 விக்கெட் இடதுகைக்காரர்கள், டெஸ்டில் வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. பென் ஸ்டோக்ஸ் மட்டும் 13 முறை.

22 டிசம்பர், ஞாயிறு

பேட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாக. 3,503 ரன், ஆறு சதம். ஆறில் நாலு வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. எனக்கு அந்த ஆறைவிட 2021 ஜனவரி சிட்னி பெரிது: முதுகு பிடித்துக்கொண்ட நிலையில் 128 பந்து நின்று 39 நாட் அவுட். மறுமுனையில் தொடைத்தசை போய் நடக்க முடியாத ஹனுமா விஹாரி. 40 ஓவருக்கு மேல் இருவரும் நின்று டெஸ்டை டிரா செய்தார்கள். அடுத்த பிரிஸ்பேன் வெற்றியில் அஷ்வினால் ஆட முடியவில்லை. அந்த முதுகுதான் காரணம்.

23 டிசம்பர், திங்கள்

கடைசி மாதங்களையும் தவிர்க்கப் போவதில்லை. செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன், 6 விக்கெட். ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் அவருக்கு நாலாவது முறை. அவருக்கு மேலே ஐந்து முறை செய்த இயன் போத்தம் மட்டும். அடுத்த மாதமே நியூசிலாந்து வந்து 3–0 என்று நம்மைத் துடைத்துப் போட்டது. மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவருக்கு 9 விக்கெட்தான். இந்த ஆஸ்திரேலியத் தொடரில், பெர்த்தில் அவருக்குப் பதில் வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அடிலெய்டில் மட்டும் அஷ்வினுக்கு வாய்ப்பு: 53 ரன்னுக்கு ஒரு விக்கெட்.

அந்த ஒன்று மிட்செல் மார்ஷ், பின்னால் விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் பிடித்த கேட்ச். மார்ஷ் நடுவர் முடிவுக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார். டிவியில் மறுபடி போட்டுப் பார்த்தபோது மட்டையில் பந்து பட்டதற்கான தடமே இல்லை. ஆக, 537ஆவது விக்கெட் மட்டையில் படாத பந்துக்குக் கிடைத்தது. கட்டுரையில் அதையும் அப்படியே எழுதிவிட்டேன். படித்தால் முதலில் சிரிக்கிறவர் அஷ்வினாகத்தான் இருப்பார்.