21ஆம் திகதி எழுதி 25ஆம் திகதி வாசித்த கடிதம்: மூன்றாம் திருத்தம்

இரண்டு திருத்தமாக அசையாமல் கிடந்த என் நாவலின் சூறாவளி அத்தியாயம் ஒருவழியாக நகர்ந்துவிட்டது. எல்லாம் திகதிப் பட்டியலில் இரண்டு நிரலைச் சேர்த்ததால்தான்.

கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கோத்து நாவல் எழுதும் எல்லாரும் திகதிப் பட்டியல் ஒன்று வைத்திருப்போம்: யார், யாருக்கு, எப்போது எழுதியது. என்னுடையதில் இல்லாமலிருந்தது "வாசித்த நாள்". அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, "வாசித்தவர் அடுத்துச் செய்தது". இந்தக் கடைசி நிரல் வெறுமையாக இருந்தால் அந்தக் கடிதம் கதைக்குத் தேவையில்லை. அறுபத்திரண்டு ஆவணங்களில் பதினெட்டு அப்படித்தான் போயின. அழகான வசனங்களும் அவற்றோடு போயின, ஆனால் எடுத்த பிறகு ஒரு இடத்திலும் ஓட்டை தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. பழைய வடிவத்தில் வந்தாறுமூலையிலிருக்கும் செல்வி 26ஆம் திகதி கொழும்பிலுள்ள கணவனுக்குக் காற்றையும் விழுந்த தென்னைகளையும் நாலு பக்கத்துக்கு எழுதுவாள். அவனோ பத்திரிகையில் எல்லாம் பார்த்தாயிற்று. வாசகருக்கும் முந்திய அத்தியாயத்திலேயே தெரியும். அதனால் நாலு பக்கத்திலும் கதை ஓரடி நகரவில்லை.

இப்போது அந்தக் கடிதமே இல்லை. பதிலாக 21ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காற்றைப் பற்றி ஒரு எண்ணமும் இல்லாமல் எழுதிய சின்னக் கடிதம்:

"அன்புள்ள அத்தானுக்கு, நாங்கள் நல்ல சுகம், உங்கட சுகமறிய ஆவல். சின்னவனுக்குக் காய்ச்சல் விடுகுதில்ல. வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். வியாழன் பின்னேரமே பாலமீன்மடு பெரியம்மா வீட்டுக்குப் போயிருவன்."

இதைக் கணவன் வாசிப்பது 25ஆம் திகதி. பாலமீன்மடு கடலோரம். ஒரு வரிகூட மாறாமல் சாதாரணக் குடும்பக் கடிதம் பயங்கரமானதாகிவிடுகிறது. பயத்தைச் செல்வி எழுதவில்லை, அந்த நாலு நாள் இடைவெளிதான் கொண்டுவருகிறது.

அடுத்த ஆவணம் அவனுடைய விடுமுறை விண்ணப்பம், இரண்டே வரி: குடும்ப அவசரம், 27ஆம் திகதி முதல் மூன்று நாள். பதறும் மனிதன் நாட்குறிப்பு எழுதமாட்டான், அலுவலகத்துக்கு எழுதியே ஆகவேண்டியதை மட்டும் எழுதுவான். அதற்குப் பிறகு, கூரையில்லாத பெரியம்மா வீட்டுக் கதவில் அவன் செருகிவிட்டுப் போகும் துண்டுக் கடதாசி.

என்னை மிகவும் மறித்த இடம், செல்வியின் மாமி நாட்குறிப்பாக எழுதும் கொப்பி. 25ஆம் திகதியே அவர் எழுதிவிட்டார்: "காய்ச்சல் கூட. வியாழன் வெளிக்கிட்ட பிள்ளைய நான்தான் மறிச்சன். மறுகா மழை." எழுதிய நாள்படி அடுக்கினால் இது விண்ணப்பத்துக்கு முன்னே வரும், செல்வி தப்பியது தெரிந்துவிடும், கணவனின் பயணம் வீணான ஓட்டமாகிவிடும். வாசித்த நாள்படி அடுக்கினால், 28ஆம் திகதி வீட்டுக்கு வந்து அவனே கொப்பியை விரிக்கும்போதுதான் நமக்கும் தெரியும். முழு நாவலையும் இப்போது இந்த ஒழுங்குக்கு மாற்றுகிறேன்.

இதற்கு விலை உண்டு. திகதி பின்னோக்கிக் குதிக்கும்போது வாசகர் தடுமாறுவார். ஒவ்வொன்றின் தலையிலும் ஊரும் கிழமையும் போட்டேன். அடுத்தடுத்து இரண்டு தடவைக்கு மேல் பின்னே போவதில்லை. முதலில் நாலு தடவை போய்ப் பார்த்தேன். வாசித்துத் தந்த இருவரும் செல்வி இரண்டு தரம் பாலமீன்மடுவுக்குப் போனதாக நினைத்தார்கள்.

மாமியின் கொப்பியில் இன்னொரு திருத்தமும் செய்தேன். காற்று அடிக்கும்போதே அவர் எழுதுவதாக இருந்தது. ஓடு பறக்கும் இரவில் யார் பேனை எடுப்பார்? இப்போது இரண்டு நாள் கழித்து, நனைந்த சி.ஆர். கொப்பியில், பகல் வெளிச்சத்தில், பென்சிலால் எழுதுகிறார். நனைந்த கடதாசியில் பென்சிலால் எழுதும்போது வசனம் தானாகவே சுருங்கிவிடுகிறது. நானும் அந்தப் பகுதிகளைக் கோடுபோட்ட கொப்பியில் பென்சிலால்தான் எழுதுகிறேன். டவுனில் எந்தப் புத்தகக் கடையிலும் எண்பது பக்கக் கொப்பி கிடைக்கும். பழைய ஏரோகிராம் தாள் மட்டும் அகப்படவில்லை. யாரிடமாவது எழுதாத தாள் ஒன்று இருந்தால் அளந்து சொல்லுங்கள், நாவலில் வரும் குவைத் கடிதங்களின் நீளத்தை அதை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

இரண்டாம் பாகம் பேத்தியின் வட்சப் செய்திகள். அங்கே எழுதிய நாளும் வாசித்த நாளும் ஒன்றுதான், நாலு நாள் இடைவெளி கிடைக்காது. நீலச் சரி அடையாளம் 2014 நவம்பரில் வந்தது, அதனால் கதையை 2015க்குத் தள்ளிவிட்டேன். வாசித்துவிட்டும் பதில் போடாமல் இருக்கும் நேரத்தை இடைவெளியாக எடுக்கலாம் என்று பார்க்கிறேன். ஆறு செய்தி எழுதியாயிற்று, கடைசி நிரலில் இரண்டுக்குத்தான் ஏதோ இருக்கிறது.