வலி இருக்கும் நாளில் ஸ்கேன்

அந்த அம்மாவுக்கு வயது 43. அதிக உதிரப்போக்குக்காக வேறோர் இடத்தில் கருப்பையின் உள்சவ்வைச் சூட்டால் அழிக்கும் அப்லேஷன் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. ஆனால் ஏழெட்டு மாதமாக வலது அடிவயிற்றில் பிடித்து இழுக்கும் வலி. சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை சாப்பிட்டிருந்தார். அப்புறம் குடல்வால் என்று சந்தேகித்திருக்கிறார்கள். நான் எடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் தெரியலைம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த முறை வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளை எடுத்து நீட்டினார். வலி வந்த நாட்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். 27 நாள், 28 நாள், 26 நாள் இடைவெளி. ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று நாள் வலி. அதைப் பார்த்த பிறகுதான் கேட்டேன், "கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?" "ரெண்டாவது குழந்தையோட பண்ணிட்டாங்க டாக்டர்."

உதிரம் நின்றால் மாதச் சுழற்சியும் நின்றதாக நாமே எடுத்துக்கொள்கிறோம். சினைப்பைகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கருப்பையின் மேல் மூலைகளில், கருக்குழாய் தொடங்கும் இடத்தில், குழி குறுகலாக இருப்பதால் சூடு முழுதாகப் போய்ச் சேராது. அங்கே மிஞ்சிய சவ்வு மாதாமாதம் கசியும். அப்லேஷன் தழும்பு கீழ்வழியை மூடியிருக்கும்; குழாயைக் கட்டியிருந்தால் மேல்வழியும் இல்லை. ரத்தம் அந்த மூலையிலும் குழாயின் தொடக்கத்திலும் தேங்கி விரிக்கும்போதுதான் அந்த வலி. சில நாளில் ரத்தம் வற்றிச் சுருங்கிவிடுவதால் வலியில்லாத நாளில் ஸ்கேன் செய்தால் எதுவும் தெரியாமல் போகலாம். நான் செய்தது அதுதான்.

"வலி ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் நேரா வாங்க, அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்" என்றேன். வந்தார். வலது மூலையில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், மங்கலான துகள்கள் மிதக்கும் ஒரு பை. எம்.ஆர்.ஐ.யும் பழைய ரத்தம் என்று உறுதி செய்தது.

கருப்பை வாய் வழியாகக் கருவி விட்டு வடிக்கலாமா என்று யோசித்தோம். தழும்பு மூடிய குழிக்குள் வழி தெரியாமல் போனால் கருப்பையில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, வடித்தாலும் மறுபடி தேங்கும். ஊசி போட்டு ஹார்மோனை அடக்கினால் வலி குறையும், ஆனால் அதை வருடக்கணக்கில் தொடர முடியாது. இதையெல்லாம் சொன்னதும் அவரே கருப்பையை எடுத்துவிடச் சம்மதித்தார். இரண்டு குழாய்களையும் சேர்த்து எடுத்தோம், சினைப்பைகளை விட்டுவைத்தோம். தட்டில் வைத்துப் பார்த்தபோது வலது குழாயின் அடிப்பகுதி சுண்டுவிரல் அளவு வீங்கியிருந்தது. கீறியதும் தார் போன்ற கறுப்பு ரத்தம்.

இப்போது அப்லேஷனுக்கு வருபவர்களிடம் முதலில் குழாய் கட்டியிருக்கிறார்களா என்று கேட்கிறேன். ஆம் என்றால், இப்படி ஒரு வலி பிற்பாடு வரக்கூடும் என்பதை அன்றே சொல்லிவிடுகிறேன், வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு வலிக்கும்போதே வரச் சொல்கிறேன்.