‘நல்ல’ என்று விழுந்த ஒரு சொல்

தரவுத்தளம் பற்றிய ஒரு விரிவுரைக் காணொளிக்கு வசன வரிகளைத் திருத்தும் பொறுப்பு அண்மையில் எனக்கு வந்தது. தானியங்கி வரிகளை முதலில் ஒலி இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். உளறலாகத் தெரிந்த இடங்களை எளிதில் குறித்துக்கொண்டேன். ஆனால் பின்வரும் வரியை எந்த ஐயமும் இன்றிக் கடந்துவிட்டேன்.

```
214
00:18:42,300 --> 00:18:45,900
ஜாயின் பண்ணும்போது நல்ல வேல்யூ
வந்தால் அந்த வரிசை விடுபடும்
```

ஒலியோடு கேட்டபோதுதான் பேச்சாளர் சொன்னது ‘நல் வேல்யூ’ என்பது புரிந்தது. மதிப்பே இல்லாத கட்டத்தை, அதாவது `NULL` என்பதை, அவர் சொல்லியிருந்தார்; தமிழ்ப் பேச்சை எதிர்பார்த்திருந்த கருவியோ, அந்த ஒலிக்கு மிக நெருங்கிய, அடிக்கடி வழங்கும் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்துவிட்டது. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருந்தது, பொருள்தான் தலைகீழாகிவிட்டது. கண்ணால் மட்டும் திருத்தினால் இத்தகைய பிழை சிக்காது என்பதால், இப்போது பேச்சாளரின் காட்சித்தாள்களிலிருந்து கலைச்சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அவை வரவேண்டிய இடங்களை முக்கால் வேகத்தில் கேட்கிறேன்.

அதே உரையில் ‘குவெரி’ என்பது பல இடங்களில் ‘குறி’ என்று விழுந்திருந்தது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். ‘குறியை’ என்பது ‘குவெரியை’ என்று ஒழுங்காக மாறியது; ஆனால் ‘குறிப்பிட்ட’ என்பதும் ‘குவெரிப்பிட்ட’ என்று மாறிவிட்டது. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டியே வரும் நம் மொழியில், முழுச் சொல்லை மட்டும் தேடினால் ‘குறியை’, ‘குறியில்’ ஆகியவை தப்பிவிடும். பகுதியைத் தேடினால் தொடர்பில்லாத சொற்கள் சிதையும். ஆகவே மாற்றத்தை நீக்கிவிட்டு, ஒவ்வோர் இடமாக நிறுத்திப் பார்த்தே திருத்தினேன். நேரம் பிடித்தாலும் வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கலப்பு மொழியைத் தூய தமிழாக்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டேன். பேச்சாளர் ‘ரன் பண்ணினால்’ என்று சொல்லும்போது வரியில் ‘இயக்கினால்’ என்று இருந்தால், காது குறைவாகக் கேட்டு உதட்டையும் வரியையும் சேர்த்துப் பின்தொடர்பவர் தடுமாறுவார். திரையில் தட்டச்சாகும் `SELECT` போன்ற கட்டளைகளை மட்டும் அங்கே தெரியும் வடிவத்திலேயே விட்டேன்.

இறுதியில் பேச்சாளர் தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றி சொன்னார். அந்தப் பெயரில் வருவது ‘ன’கரமா ‘ண’கரமா என்பதை எத்தனை முறை கேட்டும் உறுதிசெய்ய இயலவில்லை, பேச்சில் பலரும் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். ஊகித்து எழுத மனம் வராமல் பேச்சாளருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாள் காலை வந்த பதிலில் ‘ண’ என்று இருந்தது. அந்த ஓர் எழுத்தை மாற்றிய பிறகே கோப்பை வெளியீட்டுக்கு அனுப்பினேன்.